2 ஏக்கர் மானாவாரி: மக்காச்சோளம் மட்டுமா, ஊடே உளுந்துமா?

புதுஉழவன்: பெரம்பலூர் பக்கம் 2 ஏக்கர் கரிசல். புரட்டாசியில் மக்காச்சோளம் மட்டும் விதைப்போம். படைப்புழுவுக்குப் பயந்து இந்த முறை ஊடே உளுந்து போடலாமா என்று யோசிக்கிறேன். கூலி கட்டுமா?

மழைநம்பி: தைரியமாகப் போடுங்கள் தம்பி. உளுந்து வாடைக்குத் தாய் அந்துப்பூச்சி குழம்பிவிடும். மருந்துச் செலவே இருக்காது.

கரிசல்காரி: அண்ணே, முட்டை குறையும், நிற்காது. புழு வந்த 2018க்குப் பிறகு நான் ஒரு துண்டில் தனியாகவும் ஒரு துண்டில் உளுந்தோடும் விதைத்துப் பார்த்தேன். இரண்டிலும் புழு இருந்தது, உளுந்துத் துண்டில் குறைவு. பயறில் அசுவினி வந்தால் பொறிவண்டும் வரும். அது புழுவின் முட்டையையும் பொடிக்குஞ்சையும் சேர்த்துத் தின்னும். ஆனால் புழு குருத்துக்குள் இறங்கிவிட்டால் பொறிவண்டால் எதுவும் ஆகாது. அதனால் 10ஆம் நாளிலிருந்தே வாரம் இரண்டு முறை குருத்தைப் பாருங்கள். இலையைச் சுரண்டி வெளுத்த தடம் தெரிந்தால் மருந்துக்கு அதுதான் நேரம். மரத்தூள் போல எச்சம் குவிந்திருந்தால் புழு பெருத்துவிட்டது.

எட்டுஏக்கர்: கூலியைப் பற்றி யாரும் பேசவில்லையே. தனி மக்காச்சோளத்தில் 3ஆம் நாள் அட்ரசின் அடித்தால் களைத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. ஊடே உளுந்து இருந்தால் அதை அடிக்கவே முடியாது, உளுந்து போய்விடும். எங்கள் ஊரில் களையெடுக்கக் கூப்பிட்டால் ஆளே வருவதில்லை.

தென்னந்தோப்பு: எங்கள் தோப்பில் தென்னைக்கு நடுவே கோகோ வைத்தோம், நல்ல வருமானம்.

கரிசல்காரி: அது பாசனத் தோப்பு ஐயா, இது மழையை நம்பிய நிலம். எட்டுஏக்கர் சொல்வது சரிதான். அட்ரசினுக்குப் பதில் பென்டிமெத்தலின் அடிக்கலாம், இரண்டு பயிரும் தாங்கும். ஆனாலும் 25ஆம் நாள் வாக்கில் ஒரு கைக்களை கட்டாயம். என் கணக்கைச் சொல்கிறேன். 60 செ.மீ. வரிசைகளுக்கு நடுவே ஒரு வரிசை உளுந்து, ஏக்கருக்கு 4 கிலோ விதை. களைக்கும் பறிப்புக்கும் கூடுதலாக 14 ஆள், 300 ரூபாய் வீதம் 4,200. விதையும் அடிப்பும் 1,400. நல்ல வருடம் 150 கிலோ கிடைத்தது, கிலோ 70 என்று விற்றேன். செலவு போக 4,900 நின்றது. மக்காச்சோளம் விலை இறங்கிய வருடம் அதுதான் உரக்கடனை அடைத்தது.

எட்டுஏக்கர்: கெட்ட வருடக் கணக்கு?

கரிசல்காரி: ஒரு வருடம் கார்த்திகைக் கடைசியில், காய் முற்றிய நேரத்தில், நான்கு நாள் மழை பிடித்தது. காய் செடியிலேயே முளைத்துவிட்டது. 40 கிலோ தேறியது. போட்ட காசில் பாதிதான் திரும்பியது.

எட்டுஏக்கர்: அதனால்தான் நான் போடுவதில்லை. 8 ஏக்கருக்கு அந்த நட்டம் வந்தால் தாங்க மாட்டேன்.

புதுஉழவன்: அம்மாவும் நானும் களைக்கு இறங்குவோம், பாதிக் கூலி மிச்சம். அப்படியானால் 1 ஏக்கரில் மட்டும் உளுந்து போட்டுப் பார்க்கிறேன். புரட்டாசி முதல் வாரமே விதைத்தால் அந்த மழைக்குத் தப்புமா அக்கா?

கரிசல்காரி: அறுவடை முன்னால் வரும், ஆனால் ஐப்பசி மழை பூவில் அடிக்கலாம். அதற்கு என்னிடம் வழியில்லை தம்பி.