ஒரே பக்கம்தான் எழுதினேன், கேம் ஏன் முடியல?

புதுநிரலி:
முதல் மொபைல் கேம் பண்றேன். தொட்டா பந்து தரையிலிருந்து கூரைக்குப் போகும், மறுபடி தொட்டா தரைக்கு வரும், வழியெல்லாம் முள். டிசைன் டாக்குமெண்ட் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாதுன்னு சொன்னாங்க, தாண்டல: 40 லெவல், 6 கேரக்டர், காசு, கடை, தினசரி பரிசு, லீடர்போர்டு. ஆனா வேலை முடியற மாதிரியே தெரியல. பக்கத்துல எங்க கோளாறு?

கோடுகிறுக்கன்:
பக்கம் எழுதினதே கோளாறுதான். ஒரு வட்டம், நாலு முக்கோணம் வச்சு ஓடவிடுங்க. தொடறதுல சுவாரசியம் இருக்கான்னு விரலுக்குத்தான் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. சுவாரசியம் இல்லைன்னா 40 லெவல் வச்சு என்ன பண்றது? நான் எதையும் எழுதறதில்ல, நேரா கோடிங்தான்.

மதி:
சுவாரசியம் இருக்கான்னு பார்க்க வட்டமும் முக்கோணமும் போதும்னு கிறுக்கன் சொல்றது சரி. ஆனா புதுநிரலி கேட்டது அது இல்லையே. வேலை ஏன் முடியலைங்கறதுக்கு அவர் பக்கத்துலயே பதில் இருக்கு.

புதுநிரலி, "கடை"ங்கற ஒரே சொல்லை எடுத்துக்குங்க. கடை வேணும்னா காசு வேணும். லெவலுக்குள்ள காசை வைக்கணும், எடுத்ததைச் சேமிக்கணும். ஒவ்வொரு கேரக்டரும் கடைத் திரையில பூட்டியிருக்கறது, வாங்கலாம்ங்கறது, வாங்கியாச்சு, இப்ப இதைத்தான் போட்டிருக்கேன்னு நாலு விதமாத் தெரியணும். விலை கூடினா யாரும் வாங்கமாட்டாங்க, குறைஞ்சா முதல் நாளே கடை காலி, அதனால விலையை மாத்தி மாத்திப் பார்க்கணும். பக்கத்துல ஒரு சொல், வேலையில அதுவே ஒரு தனி கேம்.

அதனால வரியை எண்ணாதீங்க, திரையை எண்ணுங்க. ஒவ்வொரு திரைக்கும் ஒரு கட்டம் வரைங்க. உங்க பந்து விளையாட்டுக்கு முகப்பு, ஆட்டம், இடைநிறுத்தம், ஆட்டம் முடிஞ்சதுன்னு நாலு திரை போதும். நீங்க எழுதினதுல லெவல் தேர்வு, கடை, வாங்கலாமான்னு உறுதி கேக்கறது, தினசரி பரிசு, லீடர்போர்டுன்னு இன்னும் அஞ்சு ஒளிஞ்சிருக்கு. ஆண்ட்ராய்டுல பேக் பட்டனை அழுத்தினா என்ன ஆகணும்னு ஒன்பதுக்கும் பதில் வேணும். நடுவுல அழைப்பு வந்து கேம் பின்னால போனா என்ன ஆகணும்னும் வேணும், ஏன்னா பின்னால போன கேமை போன் எப்ப வேணும்னாலும் மூடிடும்.

வெட்டிஆபீசர்:
ஒரு பக்கம் எப்படிங்க போதும்? நாங்க நாலு பேர் சேர்ந்து கதை விளையாட்டு பண்றோம், பாத்திரங்களோட பின்கதையே பல பக்கம் வருது. பணம் போடறவங்க கேட்டா ஒத்தைத் தாளையா நீட்டறது?

மதி:
உங்க தாள் அடுத்தவங்களைச் சம்மதிக்க வைக்க. புதுநிரலிக்கு வேணும்ங்கறது தன்னையே கட்டிப்போட. ரெண்டும் வேற, தனி இழையா தொடங்குங்க, அங்க பேசலாம்.

ஊதாப்பூ:
ஒரு பக்க டிசைன்ங்கறது கேம் டிசைனர் ஸ்டோன் லிப்ராண்டே 2010-ல கேம் டெவலப்பர்ஸ் கான்பரன்ஸ்ல பேசின விஷயம். நடுவுல பெரிய படம், சுத்தி சின்னச் சின்னக் குறிப்புகள். புதுநிரலியும் அப்படிப் படமா வரைஞ்சா கேம் தானா சின்னதாகிடும்.

மதி:
பாதி சரி. படமா வரையணும்ங்கறதை அப்படியே எடுத்துக்கலாம். ஆனா அவர் பேசினது, யாரும் படிக்காத தடிமன் டாக்குமெண்டுக்குப் பதிலா குழுவுல எல்லாரும் ஒரு பார்வையில புரிஞ்சுக்கற மாதிரி வரையறதைப் பத்தி. பெரிய கேமையும் அப்படி வரையலாம். கேமைச் சின்னதாக்கறது தாளோட அளவு இல்ல, அதுல "இல்லை"ன்னு எழுதற பகுதிதான்.

புதுநிரலி:
சரி, மாத்தி எழுதினேன்:

ஆடறவர் செய்யறது: ஒரே விரல், ஒரே தொடுதல், பந்து தரைக்கும் கூரைக்கும் மாறும்.
திரை: முகப்பு, ஆட்டம், இடைநிறுத்தம், முடிவு.
படம்: பந்து 1, முள் 2, பின்னணி 1. ஒலி 3.
சேமிக்கறது: அதிகபட்ச ஸ்கோர், ஒலி வேணுமா வேண்டாமா.
இல்லை: கடை, காசு, கேரக்டர், தினசரி பரிசு, லாகின்.
முடிஞ்சதுன்னா: கேம் ஸ்டோருக்குப் போயாச்சு.

லெவலை 40-லேர்ந்து 12 ஆக்கினேன். லீடர்போர்டை மட்டும் வச்சுக்கலாமா?

மதி:
வேண்டாம். லீடர்போர்டு வந்தா லாகின் வரும், நெட் இல்லாதப்போ என்ன காட்டறதுங்கற கேள்வி வரும். போன்லயே இருக்கற ஸ்கோர் முதல் கேமுக்குப் போதும்.

கடைசி வரியை மட்டும் பிரிச்சு எழுதுங்க. கூகுள் பிளேல 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கின தனிநபர் கணக்கா இருந்தா, குறைஞ்சது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில இருக்கணும், அப்புறம்தான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். முதல்ல 20 பேர்னு இருந்தது, பிறகு குறைச்சாங்க. 512க்கு 512 ஐகான், 1024க்கு 500 பேனர், தனியுரிமைக் கொள்கைப் பக்கம், இதெல்லாமும் வேலைதான். தாள்ல இல்லாததால கோடிங் முடிஞ்சதுமே கேம் முடிஞ்சதுன்னு தோணும், அந்த நேரம் பார்த்து "இன்னும் ஒரு கேரக்டர் போடலாமே"ன்னு ஆசை வரும்.

கோடுகிறுக்கன்:
அந்த "இல்லை" பட்டியலை நாளைக்கு அவரே அடிச்சுட்டு "ஆமா"ன்னு எழுதுவார். தாளுக்கு என்ன போலீஸா இருக்கு?

மதி:
ஒண்ணு சேர்த்தா ஒண்ணை எடுக்கணும், கூட்டிப் பார்த்தா திரை நாலைத் தாண்டக்கூடாது. அதுக்கும் அடங்கலைன்னா தாளால ஒண்ணும் செய்ய முடியாது, அது உண்மைதான்.

கோடுகிறுக்கன்:
அந்த விதி பரவாயில்ல. ஆனா 12 லெவல்ங்கறதை நான் இன்னும் ஒத்துக்கல. பந்து குறுக்கே போற நேரம் 0.3 நொடின்னு வச்சு எல்லா லெவலையும் அடுக்கறார். எட்டாவது லெவல் பண்றப்போ 0.25 இன்னும் நல்லா இருக்கேன்னு தோணும். மாத்தினா பழைய ஏழையும் திரும்ப ஆடிப்பார்க்கணும், இடைவெளி எல்லாம் வேற மாதிரி ஆயிருக்கும். அதனாலதான் முதல்ல வட்டமும் முக்கோணமும்னு சொன்னேன். வேகத்தையும் அந்த நேரத்தையும் பூட்டிட்டு, பிறகு தாளை எழுதட்டும்.

மதி:
அதுல சண்டையே இல்ல. முதல் வரியை மட்டும் முன்னாடி எழுதி, மாதிரியை ஓடவிட்டு, எண்களைப் பூட்டினதும் மீதியை எழுதலாம். பூட்டின எண்ணும் தாள்லயே இருக்கட்டும்.

ஊதாப்பூ:
லெவலே வேண்டாமே, முடிவில்லாம ஓடட்டும். முள்ளைத் தற்செயலா போட்டா வேலை மிச்சம்.

கோடுகிறுக்கன்:
தற்செயலா போட்டா தாண்டவே முடியாத முள் வரும். ஆடறவர் தன் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சு அழிச்சுட்டுப் போவார். கையால பத்துப் பன்னிரண்டு பாதைத் துண்டு செஞ்சு கலைச்சுக் கலைச்சு ஓட்டலாம். ஆனா ஒட்டற இடத்தைக் கவனிக்கணும். ஒரு துண்டு தரை முள்ளோட முடியுது, அடுத்தது கூரை முள்ளோட தொடங்குதுன்னு வைங்க. பந்து கூரையில இருக்கும், கீழ இறங்கியாகணும். நொடிக்கு 10 கட்டம் வேகத்துல 0.3 நொடியில 3 கட்டம் போயிடும். ரெண்டு முள்ளுக்கும் நடுவுல 3 கட்டம்தான் இருந்தா மனுஷ விரலுக்கு எட்டாது. 5 வேணும்.

புதுநிரலி:
அப்போ ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு முனையிலும் இரண்டரைக் கட்டம் காலியா விட்டா எதோட எது ஒட்டினாலும் சரியா வருமா? துண்டோட முள் எண்ணிக்கையும் தாள்ல போடணுமா?

கோடுகிறுக்கன்:
வரும். வேகத்தைக் கூட்டிக்கிட்டே போகப் போறீங்கன்னா மட்டும் பத்தாது, உச்ச வேகத்துக்குக் கணக்குப் போடுங்க. முள் எண்ணிக்கை எல்லாம் தாளுக்கு எதுக்கு? துண்டு பன்னிரண்டுன்னு மட்டும் எழுதுங்க.

மதி:
நான் எட்டுன்னு எழுதச் சொல்வேன்.