சிப் தலைக்குப் பின்னால் வாய் பிளக்கிறது: முழு சிப்பையும் மாற்றாமல் வழி உண்டா?

கல்லடிப்பாலம்: மகளின் ஸ்கூல் பேக்கில் பெரிய அறையின் சிப் மக்கர் பண்ணுகிறது. இழுத்தால் தலை சிக்காமல் ஓடுகிறது, ஆனால் அது தாண்டிய இடமெல்லாம் பின்னால் பிரிந்து நிற்கிறது. நைலோன் சுருள் பல், இரண்டு தலை உள்ள சிப். பல் உடைந்த மாதிரித் தெரியவில்லை. ஒரு கடையில் முழு சிப்பையும் மாற்றத்தான் வேண்டும் என்கிறார்கள். கேட்கும் கூலிக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுப் பேக்கே வாங்கலாம். வேறு வழி இருக்கிறதா?

வாழைச்சேனையான்: மெழுகுதிரியைப் பல் மேல் நன்றாகத் தேயுங்கள். இங்கே கடல்காற்றுக்கும் மணலுக்கும் எல்லா சிப்பும் இப்படித்தான். நான் தேய்த்தேன், சரியாகிவிட்டது.

அக்கரைப்பற்று ராத்தா: எனக்கும் இதே பிரச்சினை. ஹேண்ட்பேக் சிப்பில் பிடித்து இழுக்கும் நாக்கு கழன்று விழுந்துவிட்டது, இழுக்கவே முடியவில்லை. என்ன செய்வது?

மருதமுனைத் தையல்: ராத்தா, உங்களுடையது வேறு கதை. அந்த ஓட்டையில் சாவி வளையம் ஒன்றைக் கோர்த்துவிடுங்கள், போதும்.

வாழைச்சேனைத் தம்பி சொல்வது பாதி சரி. சிப் இறுகி ஓடாமல் நின்றால் மெழுகு உதவும். இங்கே தலை லேசாக ஓடுகிறது, பல்தான் சேரவில்லை. மணல் இருந்தால் முதலில் சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல் தூரிகையும் வைத்துக் கழுவிக் காய விடுவது நல்லதுதான். ஆனால் அதோடு பிளவு நிற்காது.

இரண்டு தலை இருப்பது உங்களுக்கு வசதி, தங்கச்சி. பிளக்கும் தலையைப் பின்னுக்கு இழுத்து அதன் முனையில் ஒதுக்கிவிட்டு, மற்றத் தலையை அதே இடத்தின் மேலாக ஓட்டிப் பாருங்கள். அது ஒழுங்காகப் பூட்டினால் பல்லில் குறையில்லை, முதல் தலைதான் தேய்ந்திருக்கிறது. எந்தத் தலை போனாலும் ஒரே இடத்தில் பிளந்தால் அந்த இடத்துப் பல்தான் போயிருக்கிறது. அதற்குத் தலையைத் தொட்டுப் பயனில்லை.

தலைக்கு மேல் தகடு, கீழ்த் தகடு என்று இரண்டு உண்டு. முன்பக்கம் பற்கள் இரண்டு வாயால் பிரிந்து உள்ளே போய், பின்பக்கம் ஒரே வாயால் சேர்ந்து வெளியே வரும். ஓடி ஓடிப் பின்வாயின் இடைவெளி அகன்றுவிட்டால் பற்களை ஒன்றுக்குள் ஒன்று அழுத்த அதனால் முடியாது.

ஆகவே தலையை முனையில் வைத்துக்கொண்டு, சின்னக் குறடால் பின்பக்கத்தின் ஒரு ஓரத்தை மெதுவாக நெரியுங்கள், பிறகு மற்ற ஓரத்தை. பெயின்ட் உரியாமல் இருக்க இடையில் துணித்துண்டு வையுங்கள். முன்பக்கத்தைத் தொட வேண்டாம். நெரித்தது கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலே போதும்; ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நெரிப்பு. ஒரே மூச்சில் நெரித்தால் தலை நகராது, இல்லாவிட்டால் வெடித்துவிடும். இந்தத் தலைகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, வளைவதை விட உடைவதுதான் அவற்றுக்குச் சுலபம்.

வாழைச்சேனையான்: உடைந்தால் பிறகு முழு சிப்தானே?

மருதமுனைத் தையல்: இல்லை, தலையை மட்டும் மாற்றலாம். தலையின் அடியில் 5, 8 என்று இலக்கம் இருக்கும். பூட்டிய பல்லின் அகலத்தை மில்லிமீற்றரில் ஏறக்குறைய சொல்லும் இலக்கம் அது. அதே இலக்கம், அதே சுருள் பல்லுக்கான தலை வேண்டும். பிளாஸ்டிக் வார்ப்புப் பல்லுக்கான தலை சுருள் பல்லில் ஒழுங்காகப் பூட்டாது. முனைத் தையலை ஓரங்குலம் பிரித்து, இரண்டு நாடாவையும் சமமாக முன்வாய்களில் நுழைத்து இழுத்துவிட்டு, திரும்பத் தைத்துவிடலாம். ஒரு பக்கம் முந்திப் போனால் முடிவில் பேக் கோணும்.

கல்லடிப்பாலம்: நானா, செய்து பார்த்தேன். மற்றத் தலை நேர்ப்பகுதியில் அழகாகப் பூட்டியது. நீங்கள் சொன்னபடி பிளக்கும் தலையை நெரித்தேன், அதுவும் நேர்ப்பகுதியில் இப்போது பூட்டுகிறது. ஆனால் மேல் மூலை வளைவில் இரண்டு தலையுமே சிலவேளை விடுகிறது, அதுவும் சாப்பாட்டுப் பெட்டி உள்ளே இருக்கும்போதுதான்.

மருதமுனைத் தையல்: பேக்கை வெறுமையாக்கிப் பூட்டிப் பாருங்கள். அப்போதும் அந்த மூலை விட்டால், சுருளை நாடாவோடு பிடித்திருக்கும் தையல் நூல் அங்கே அறுந்திருக்கலாம். நகத்தால் சுருளை மேலே தள்ளினால் நாடாவை விட்டு எழும்பும். நூல் மட்டும் போயிருந்தால் அதே நிற நைலோன் நூலால் அங்கே கையால் பிடித்துத் தைக்கலாம், ஆனால் வளைவில் அது எவ்வளவு காலம் நிற்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். வெறும் பேக்கில் ஒழுங்காகப் பூட்டினால் பெட்டியைத்தான் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

அக்கரைப்பற்று ராத்தா: சாவி வளையம் பெரிதாக இருக்கிறது, ஓட்டைக்குள் போகவில்லை.

மருதமுனைத் தையல்: மீன்பிடி நைலோன் நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள், ராத்தா.