ரெட் அலர்ட் போட்டாச்சு, ஒரு ஆளுக்கு எவ்வளவு தண்ணீர், சாப்பாடு எடுத்து வைக்கணும்?

குவைத் புதுசு: வணக்கம். குவைத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நாளைக்கு ரெட் அலர்ட். வீட்டில் ரெண்டு பேர். ஐந்து நாள் கரண்ட் இல்லாமல் போனால் ஒரு ஆளுக்கு எவ்வளவு குடிதண்ணீர், அடுப்பு மூட்டாமல் சாப்பிட என்னென்ன வாங்கணும்? கடையை எட்டு மணிக்கு அடைத்துவிடுவார்களாம். சீக்கிரம் சொல்லுங்கள்.

ஷார்ஜா அண்ணாச்சி: தம்பி, எத்தனையாவது மாடி? அதுதான் முக்கியம். 2024 ஏப்ரல் மழையில் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றது, மோட்டரும் நின்றது. மேல்தொட்டி காலியானதும் குழாயைத் திறந்தால் காற்றுதான். கீழே முழங்காலுக்கு மேல் தண்ணீர், மேலே குடிக்கத் தண்ணீர் இல்லை. வாளி, பாத்திரம் எல்லாவற்றையும் இப்போதே நிரப்பி வை. ரூமில் கூட இருப்பவர்களை நம்பாதே, உன் பாட்டிலைத்தான் முதலில் காலி பண்ணுவார்கள்.

ஒசாகா மருமகள்: இங்கே அரசாங்கமே கணக்கு சொல்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர், குறைந்தது மூன்று நாளைக்கு, முடிந்தால் ஒரு வாரத்துக்கு. நான் வந்த புதிதில் அந்தத் தாளைப் படிக்கவே தெரியாமல், படத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். முதல் நிலநடுக்கத்தன்று வீட்டில் இருந்தது ஒரு பாக்கெட் முறுக்கு மட்டும்.

ஹாம்பர்க் ரவி: மூன்று லிட்டர் அதிகம். ஜெர்மனியில் 2 லிட்டர்தான் சொல்கிறார்கள், சமையலுக்கான அரை லிட்டரும் அதிலேயே அடக்கம். ஆனால் பத்து நாளைக்கு வைக்கச் சொல்கிறார்கள். வீணாக அடுக்கி இடத்தை அடைக்க வேண்டாம்.

மார்த்தாண்டம் நர்ஸ்: எல்லோரும் ஒரு நிமிஷம் இருங்கள். தம்பி, ரெட் அலர்ட் எந்த ஊருக்கு? வீட்டில் ரெண்டு பேர் என்றால் யார் யார்?

குவைத் புதுசு: ஐயோ, குவைத்தில் இல்லை அக்கா. ஊரில், கன்னியாகுமரி மாவட்டம் முஞ்சிறை பக்கம். அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறார்கள். பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிடப் போவதாக மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்களாம். கிணற்றை மூடிவிட்டு போர் போட்டிருக்கிறோம். அம்மாவுக்கு சுகர், மாத்திரை சாப்பிடுகிறார். அப்பாவுக்கு முட்டுவலி.

குளச்சல்காரன்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அண்ணாச்சி இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம். நம்ம ஊரில் தண்ணீருக்கு என்ன மக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டில் கிணறு இருக்கும், வாளியைப் போட்டு இறைத்துக் கொதிக்க வைத்தால் போதும். ஒக்கி புயலில் நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம்.

மார்த்தாண்டம் நர்ஸ்: ஒக்கிக்கு அது சரி. 2017இல் காற்று கம்பங்களைச் சாய்த்தது, கரண்ட் நாள்கணக்கில் வரவில்லை. ஆனால் உங்கள் கிணற்றுக்குள் வெள்ளம் இறங்கியிருக்காது. முஞ்சிறை பக்கம் கதை வேறு. அணைத் தண்ணீர் கோதையாறு வழியாகக் குழித்துறை ஆற்றில் ஏறி, தேங்காய்ப்பட்டணம் போகும் வழியில் தாழ்ந்த இடத்தையெல்லாம் நிரப்பும். கக்கூஸ் குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் நிற்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், வயலிலிருந்து வந்த மருந்தும் மண்ணெண்ணெயும் போகாது. கலங்கலாக இருந்தாலோ, எண்ணெய் மினுக்கம் தெரிந்தாலோ, வாடை அடித்தாலோ அந்தக் கிணற்றை மறந்துவிடுங்கள்.

தம்பி, உன் வீட்டுக்குக் கரண்ட் போன நிமிஷமே தண்ணீரும் போகும். போர் மோட்டரும் ஓடாது, ஆர்.ஓ. மெஷினும் ஓடாது. அதனால் முதல் வேலை, கரண்ட் இருக்கும்போதே மேல்தொட்டியை நிரப்பச் சொல். ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் கக்கூசுக்கும் கழுவவும் ரெண்டு பேருக்கு ஐந்து நாள் தாராளம்.

குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வை. ஜெர்மனிக் குளிருக்கு 2 போதும். ஃபேன் ஓடாத வீட்டில், நம்ம ஊர்ப் புழுக்கத்தில் வயதானவர்களுக்குப் பத்தாது. கிட்டத்தட்ட 3 லிட்டர் குடிக்க, மீதி அவல் நனைக்க, கஞ்சி வைக்க, பல் தேய்க்க. ரெண்டு பேருக்கு ஐந்து நாள் என்றால் 40 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் ரெண்டு.

குவைத் புதுசு: அக்கா, கேனை அப்பாவால் தூக்கவே முடியாது.

மார்த்தாண்டம் நர்ஸ்: கொண்டுவரும் பையனையே மேசைமேல் ஏற்றிவைக்கச் சொல், குழாய் மாட்டிய கேனாக இருந்தால் நல்லது. தரையில் வைத்தால் வெள்ளம் உள்ளே வந்ததும் மூடி முழுகிவிடும். கேன் கிடைக்காவிட்டால் குடம், சருவம், குட்டுவம் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி இன்றைக்கே நிரப்பி மூடச் சொல். கை விட்டு மொண்டால் கெட்டுப்போகும், நீளக் காம்புக் கரண்டி வேண்டும்.

சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோ அவல், நூறு கிராம் பொரிகடலை, ஐம்பது கிராம் வறுத்த நிலக்கடலை, ஐம்பது கிராம் கருப்பட்டி. கூட்டினால் சுமார் 1,700 கலோரி வரும், வீட்டோடு இருக்கும் வயதானவர்களுக்கு அது போதும். கடையில் சொல்ல வேண்டியது: அவல் ரெண்டரை கிலோ, பொரிகடலை ஒரு கிலோ, நிலக்கடலை அரைக் கிலோ, கருப்பட்டி அரைக் கிலோ. அம்மாவுக்குக் கருப்பட்டியைக் குறைத்து நிலக்கடலையைக் கூட்டு. ஆனால் கொஞ்சம் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். மாத்திரை போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் போனால் சுகர் இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம் தெரிந்தால் உடனே இனிப்பு வாயில் போக வேண்டும்.

ஷார்ஜா அண்ணாச்சி: கருவாடு, அப்பளம், சிப்ஸ்?

மார்த்தாண்டம் நர்ஸ்: உப்புக்குத் தாகம் எடுக்கும் அண்ணாச்சி. தண்ணீரை எண்ணிக் குடிக்கும் வீட்டில் கருவாடு ஆடம்பரம்.

குளச்சல்காரன்: வெள்ளம் வந்தால் கேன்காரன் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். மெழுகுவத்தியும் அப்படித்தான். நிவாரணம் என்று ஒரு பொட்டலம் தருவார்கள், அதை வாங்கக் கால் கடுக்க நிற்கணும்.

ஷார்ஜா அண்ணாச்சி: இங்கே மட்டும் என்ன? ஊரில் வெள்ளம் என்று லீவு கேட்டேன், "நீ போய் மழையை நிறுத்தப் போகிறாயா" என்றான் என் மேனேஜர்.

ஒசாகா மருமகள்: புலம்பலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், மணி ஓடுகிறது. கேஸ் சிலிண்டர் இருக்கிறதா? இண்டக்ஷன் மட்டும் என்றால் கஞ்சி கூட வைக்க முடியாது.

குவைத் புதுசு: சிலிண்டர் பாதி இருக்கிறதாம். ஆனால் என் தங்கை, அவர்களை மார்த்தாண்டத்தில் மாமா வீட்டு மாடிக்குக் கூட்டிப்போகலாம் என்கிறாள். அம்மா, ஆட்டை விட்டு வர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார்.

ஹாம்பர்க் ரவி: இருட்டுவதற்கு முன் கூட்டிப் போய்விடுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு முட்டுவலியோடு எப்படி நடப்பார்?

குளச்சல்காரன்: 2021 வெள்ளத்தில் கிளம்பிய சிலர் வழியிலேயே மாட்டிக்கொண்டார்கள். வீடு உயரமாக இருந்தால் இருப்பதே நல்லது.

மார்த்தாண்டம் நர்ஸ்: அது இங்கிருந்து சொல்ல முடியாது. முன்பு வீட்டுப் படி வரை தண்ணீர் வந்ததா என்று அப்பாவிடம் கேள். வந்திருந்தால் ஆட்டையும் சேர்த்துக் கிளம்பட்டும். எங்கே இருந்தாலும் மாத்திரைச் சீட்டு, பத்து நாள் மாத்திரை, நாலைந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட், எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவருக்குள். மாவட்டப் பேரிடர் உதவிக்கான 1077 நம்பரை அப்பா கையாலேயே போனில் பதிய வை, குவைத்திலிருந்து அந்த நம்பர் போகாது.

குவைத் புதுசு: பையன் ஒரு கேன்தான் கிடைத்தது என்று சொல்கிறான், அக்கா. அவல் ரெண்டு கிலோ வாங்கிவிட்டான். தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறது.

மார்த்தாண்டம் நர்ஸ்: போதும். மீதி 20 லிட்டருக்குக் குடத்தை இறக்கி நிரப்பச் சொல். அவல் அரைக் கிலோ குறைந்ததற்கு ரஸ்க் ரெண்டு பாக்கெட் போடட்டும், நனைக்கத் தண்ணீரும் வேண்டாம். படி விஷயம் கேட்டாயா?