பேசிங், டேஸ் ஆஃப் சப்ளை: கடைத் தட்டுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் தேவை

கவிதா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவு நேரத்தில் தட்டு நிரப்பும் பையன்களுக்காகப் பத்துப் பக்கத்தில் ஒரு பயிற்சிக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஒன்று பேசிங். கடையில் எல்லாரும் "மூணு பேசிங் வை" என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் புதிதாகச் சேரும் பையன் அதைப் பேசுவது என்று நினைக்கிறான், நிஜமாகவே ஒருவன் கேட்டான். இன்னொன்று டேஸ் ஆஃப் சப்ளை. தட்டில் இருக்கும் சரக்கு, இப்போது போகும் வேகத்தில் போனால், எத்தனை நாளைக்கு வரும் என்ற கணக்கு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தச் சரக்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை நிரப்புவது என்று தெரியும். சொல் தெளிவாக இல்லாவிட்டால் கணக்கும் குழம்பிவிடுகிறது. உதவுங்கள்.

இளங்கோ எழுதியது:

> ஒன்று பேசிங்

முகப்பு என்று வைத்துவிடலாம், கவிதா. வாடிக்கையாளர் கண்ணுக்கு எத்தனை பாக்கெட் தெரிகிறதோ அத்தனை முகப்பு. கடையின் முகப்பு, நூலின் முகப்பு என்று எல்லாருக்கும் பழகிய சொல். இரண்டாவதற்குத் தாங்குநாள் பொருத்தமாகத் தோன்றுகிறது, "இந்த அரிசி எத்தனை நாள் தாங்கும்" என்று வீட்டில் கேட்கிறோமே. முகப்பைக் கூட்டினால் விற்பனையும் அதே அளவில் கூடும் என்பதால் கையேட்டில் முகப்புக்குத்தான் அதிக இடம் தர வேண்டும் என்பது என் கருத்து.

சுபா எழுதியது:

தாங்குநாள் நல்ல சொல்தான், எங்கள் கடைக்கு ரொம்பத் தேவை. நாங்கள் வைத்திருப்பது சின்ன மளிகைக் கடை. பால் இரண்டு நாள் தாங்கும், பன்னீர் பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் அதற்கும் குறைவு, தயிர் வெயில் காலத்தில் இன்னும் குறைவு. போன மாதம் பிரிட்ஜில் பின்னால் தள்ளி வைத்த தயிர்ப் பாக்கெட்டுகள் எல்லாம் தேதி முடிந்து வீணாகிவிட்டன. எந்தப் பொருளுக்கு எத்தனை தாங்குநாள் என்று ஒரு பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா?

ராஜேந்திரன் எழுதியது:

சுபா, நீங்கள் கேட்பது கெட்டுப்போகாமல் இருக்கும் காலம். கவிதா கேட்பது விற்றுத் தீரும் காலம். ஆனால் தப்பு உங்களுடையது இல்லை, தாங்குநாள் என்ற சொல்லே அப்படித்தான் படிக்க வைக்கிறது. தமிழில் பால் தாங்கும், மாவு தாங்கும் என்றால் புளிக்காமல் இருக்கும் என்றுதானே பொருள். காலாவதித் தேதி அச்சடித்த பாக்கெட்டைக் கையில் வைத்திருக்கும் பையனுக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தால் அவனும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான்.

இளங்கோ ஐயா, முகப்பு என்பதில் பாதி சரி. கண்ணுக்குத் தெரிவதை எண்ணுவதுதான் பேசிங். ஆனால் விற்பனை அதே அளவில் கூடும் என்பது இல்லை. 2014இல் மார்ட்டின் ஐசென்ட் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில் சராசரி 0.17 என்று வந்தது, அதாவது இடத்தை 1 சதவீதம் கூட்டினால் விற்பனை 0.17 சதவீதம் கூடும். இடத்தை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 12, 13 சதவீதம்தான். சில சரக்குக்கு இதைவிட அதிகம், உப்பு மாதிரிச் சரக்குக்கு இன்னும் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம், நாலு வரிசை உப்பைப் பார்த்தேன் என்பதற்காக யாரும் நாலு பாக்கெட் வாங்குவதில்லை. எனவே வரிசையைக் கூட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் விற்பனை ஆசை இல்லை, தட்டு காலியாகாமல் இருக்க வேண்டும் என்பதே.

கடைகளுக்குத் தட்டு வரைபடம் போடுவதுதான் இருபது வருடமாக என் வேலை. ஒரு தட்டைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன், சொல்லை அதற்கப்புறம் பார்க்கலாம்.

எண்ணெய்த் தட்டு, அகலம் 120 சென்டிமீட்டர், ஆழம் 40. அரை லிட்டர் பாட்டில், அகலமும் ஆழமும் ஏழரை சென்டிமீட்டர் என்று வையுங்கள். முன்னால் 16 பாட்டில் நிற்கும், ஒவ்வொன்றின் பின்னாலும் ஐந்து ஐந்தாகப் போகும், மொத்தம் 80. மேலே அடுக்க முடியாது. இதில் நாலு சரக்கு: கடலை எண்ணெய் நாளுக்கு 10 போகிறது, நல்லெண்ணெய் 4, தேங்காய் எண்ணெய் ஒன்றரை, ஆலிவ் எண்ணெய் இரண்டு நாளுக்கு ஒன்று.

பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஆளுக்கு நாலு வரிசை கொடுத்தால் ஒவ்வொன்றும் 20 பாட்டில். கடலை எண்ணெய் 2 நாள் வரும், நல்லெண்ணெய் 5 நாள், தேங்காய் எண்ணெய் 13 நாள், ஆலிவ் 40 நாள். மாதத்தின் முதல் வாரம், சம்பளம் வந்த கையோடு எல்லாம் இரண்டு மடங்கு போகும். அப்போது கடலை எண்ணெய் ஒரே நாளில் தீரும். இரவில் மட்டும் நிரப்பும் கடையில் மாலைக் கூட்டம் வரும்போது தட்டு காலி, ஆனால் கணினியில் இருப்பு இருக்கும், ஏனென்றால் பெட்டி பின்னறையில் கிடக்கிறது.

கவிதா எழுதியது:

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஒரே நாள்கணக்கு வருகிற மாதிரிப் பிரித்தால் போதாதா, அண்ணா? 80 பாட்டில், நாளுக்கு 16 விற்பனை, எல்லாம் 5 நாள்.

ராஜேந்திரன் எழுதியது:

எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள், நானும் செய்தேன். அப்படிப் போட்டால் கடலைக்கு 9 வரிசை, நல்லெண்ணெய்க்கு 4, தேங்காய்க்கு 2, ஆலிவுக்கு 1. காகிதத்தில் அருமை. ஆனால் எண்ணெய் 12 பாட்டில் போட்ட அட்டைப்பெட்டியில் வருகிறது. ஆலிவுக்கு ஒரு வரிசை என்றால் 5 பாட்டில்தான் பிடிக்கும், பெட்டியைப் பிரித்தால் 7 மிச்சம். அதைத் திரும்பப் பின்னறைக்குத் தூக்க வேண்டும், அடுத்த தடவை தேட வேண்டும், பாதிப் பெட்டிகள் சேரச் சேர எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வரிசைத் தேங்காய் எண்ணெய்க்கும் இதே கதி.

அதனால் இன்னொரு நிபந்தனை வேண்டும். தட்டு குறைந்தது ஒரு பெட்டியையும், அடுத்த நிரப்புக்கு முன்னால் விற்கப்போவதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் முதல் வாரத்தில் நாளுக்கு 3 போகும், 12 கூட்டல் 3, அப்போ 15, மூன்று வரிசை. ஆலிவுக்கும் மூன்று வேண்டும், இரண்டு வரிசையில் 10தான் பிடிக்கும் என்பதால். நல்லெண்ணெய் 12 கூட்டல் 8, 20, நாலு வரிசை சரியாக வருகிறது. மிச்சம் 6 கடலை எண்ணெய்க்கு, அது 30 பாட்டில், சாதாரண நாளில் 3 நாள். முதல் வாரத்தில் ஒன்றரை நாள், அதாவது ஒவ்வொரு இரவும் நிரப்பியே ஆக வேண்டும், சில இரவு இரண்டு பெட்டி. ஒரு மாலையில் கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் இடிக்கும் என்பதால் அந்த வாரம் மட்டும் மதியமும் ஒருமுறை பார்க்கச் சொல்வேன்.

ஆலிவுக்கு 30 நாள் சரக்கு நிற்பது வீண்தான், மனசுக்கு ஒப்பாது. 6 பாட்டில் பெட்டியாக அனுப்பும் சப்ளையர் கிடைத்தால் ஒரு வரிசையைக் கடலைக்கு மாற்றிவிடலாம். தட்டைக் கட்டுப்படுத்துவது பல நேரம் விற்பனை இல்லை, பெட்டியின் அளவு.

இன்னொரு விஷயம், கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள். நாளுக்கு 10 என்ற கணக்கை பில்லிலிருந்து எடுக்கிறோம். மாலை ஏழு மணிக்கே தீர்ந்துபோகும் சரக்கின் பில், தேவையைக் காட்டாது, இருந்ததை மட்டும் காட்டும். அதைக் கொண்டு கணக்கிட்டால் நாள்கணக்கு உண்மையைவிட நீளமாகத் தெரியும், வரிசை குறைவாகக் கொடுப்போம், மறுபடி சீக்கிரம் தீரும். மணிவாரியாக பில்லைப் பாருங்கள். கடலை எண்ணெயின் கடைசி பில் ஏழு மணிக்கு நின்று, அதே நேரத்தில் நல்லெண்ணெய் வழக்கத்தைவிட ஏறினால் தட்டு காலி என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். சரக்கு இருந்த மணிகளை மட்டும் வைத்து வேகத்தைக் கணக்கிட வேண்டும்.

ஜோசப் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் தட்டை இறாக்கை என்போம், ஆனால் தட்டு என்றாலும் விளங்கும். முகப்பு என்றால் இங்கே கடையின் வாசல் பக்கம்தான் முதலில் நினைவுக்கு வரும், கடையின் முகப்பில் ஆறு முகப்பு என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. முகம் என்றே வைத்தால் என்ன? எண்ணக்கூடிய சொல். கடலை எண்ணெய்க்கு ஆறு முகம்.

கவிதா எழுதியது:

ஆறு முகம் என்றால் எங்கள் பையன்கள் மறக்கவே மாட்டார்கள். முகம் என்றே எழுதப் போகிறேன். ஆனால் ஒரு சந்தேகம், கடையை மூடும் முன் பின்னால் இருக்கும் பாட்டிலை முன்னுக்கு இழுத்து வைப்பதையும் பேசிங் என்றே சொல்கிறோமே?

ராஜேந்திரன் எழுதியது:

அதைத் தயவுசெய்து வேறு சொல்லால் எழுதுங்கள், முன்னிழுப்பு மாதிரி. ஆறு முகமும் முன்னிழுத்து நிற்கும், பின்னால் ஒன்றுமே இருக்காது. தூரத்திலிருந்து பார்க்கும் சூப்பர்வைசர் தட்டு நிறைந்திருக்கிறது என்று போய்விடுவார். ஆறு முகம் என்பது ஆறு பாட்டிலாகவும் இருக்கலாம், முப்பதாகவும் இருக்கலாம். கையை உள்ளே விட்டுப் பார்க்கப் பழக்குங்கள்.

இளங்கோ எழுதியது:

முகம் சரி, ஒப்புக்கொள்கிறேன். விற்பனை பற்றி நான் சொன்னதையும் திருத்திக்கொள்கிறேன். நாள்கணக்குக்குத் தீர்நாள் பொருந்துமா?

கவிதா எழுதியது:

தீர்நாள் என்றால் ஒரு தேதி மாதிரி ஒலிக்கிறது ஐயா, 14ஆம் தேதி தீரும் என்பது போல. எத்தனை நாள் என்ற எண்ணிக்கை வரவில்லை.

ராஜேந்திரன் எழுதியது:

தாங்குவது எண்ணெய் இல்லை, தட்டு. சுபாவின் குழப்பமே அங்கேதான் ஆரம்பித்தது. அதனால் தட்டுநாள் என்று வைத்துப் பாருங்கள். கடலை எண்ணெயின் தட்டுநாள் 3. இரண்டு நிரப்புக்கு நடுவில் உள்ள காலத்துக்கு நிரப்பிடை. எந்தச் சரக்குக்கும் தட்டுநாள் நிரப்பிடையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அதுவும் சாதாரண நாளில் இல்லை, முதல் வார வேகத்தில். வாரத்துக்கு எத்தனை தடவை என்று எழுதுவதைவிட எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எழுதினால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து உடனே ஒப்பிடலாம்.

இளங்கோ எழுதியது:

நிரப்பிடை நன்றாக இருக்கிறது. தட்டுநாள் என்பது காதுக்குத் தட்டுவது போலக் கேட்கிறது, அதில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

சுபா எழுதியது:

புரிந்தது அண்ணா. எங்கள் தயிருக்கு இரண்டு எண்ணும் வேண்டும் போலிருக்கிறது. தட்டுநாள் 6, கெட்டுப்போக 4 நாள் என்றால் நான் பிரிட்ஜில் அதிகமாக அடுக்கியிருக்கிறேன், அவ்வளவுதானே? நாளைக்கு எண்ணிப் பார்க்கிறேன்.

கவிதா எழுதியது:

முகம், முன்னிழுப்பு, நிரப்பிடை மூன்றையும் கையேட்டில் போட்டுவிட்டேன். தட்டுநாளை இந்த வார இரவு வேலையில் பையன்களிடம் சொல்லிப் பார்க்கிறேன், என்ன கேட்கிறார்கள் என்று வந்து எழுதுகிறேன்.