கியூ, கியூயிங்: யோகா, உடற்பயிற்சி வகுப்புக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யோகா, குழு உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் வந்துவிட்டேன். ‘கியூ’ என்ற சொல் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் மறிக்கிறது. வகுப்பு நடக்கும்போது ஆசிரியர் வாயால் சொல்லிக்கொண்டே போகிறாரே, மூச்சை இழுங்கள், கையைத் தூக்குங்கள், அப்படியே நில்லுங்கள் என்று, அதில் ஒவ்வொன்றும் ஒரு கியூ. அதை வேகம் மாறாமல் சொல்லி வகுப்பைக் கொண்டுபோவது கியூயிங்.

இப்போதைக்குக் ‘குறிப்பு’ என்று போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் ‘ஆசிரியர் குறிப்பு’ என்றதும் படிப்பவருக்கு நோட்டுப் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது. ‘குறி’ என்று சுருக்கலாமென்றால், ‘ஆசிரியர் உரிய நேரத்தில் குறி சொல்ல வேண்டும்’ என்று வாக்கியம் வந்து நிற்கிறது. மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாணிக்கம் எழுதியது:

இதற்கு ஏன் புதுச்சொல் தேடி அலைய வேண்டும்? நில், இழு, தூக்கு, இவையெல்லாம் ஏவல் வினைகள். ஆசிரியர் ஏவுகிறார், மாணவர் செய்கிறார். ‘ஏவல்’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள். சிலருக்கு ‘ஏவல்’ என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வரலாம். அது அவர்கள் பாடு.

பரணி எழுதியது:

ஐயா சொல்வது இலக்கணப்படி சரி. பல வருடங்களாக வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கியூ என்பதில் ஏவுவது பாதிதான், மீதிப் பாதி நேரம். எப்போது சொல்லி முடிக்கிறோம் என்பதில்தான் அது கியூவா, வெறும் பேச்சா என்பது இருக்கிறது.

சூரிய நமஸ்காரத்தின் முதல் அசைவை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்தபடி இரு கைகளும் மேலே போக வேண்டும். புதிய ஆசிரியர் சொல்வது இப்படி இருக்கும்: “மூச்சை மெதுவாக உள்ளிழுத்துக்கொண்டே இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்துங்கள்.” அழகான தமிழ்தான். எண்ணிப் பார்த்தால் 27 அசை ஓசைகள். நிதானமாக, நொடிக்கு 5 என்று சொன்னாலும் வாக்கியம் முடிய 5 நொடிக்கு மேல் ஆகும். அசைவோடு சேர்ந்து செய்யும்போது ஓர் உள்மூச்சு ஏறத்தாழ 4 நொடி. ஆக, என்ன செய்ய வேண்டும் என்ற வினைச்சொல் வருவதற்குள் அந்த மூச்சே முடிந்துவிடுகிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் வரும் வினை இது. அவசரக்காரர்கள் ‘உள்ளிழுத்து’ என்ற இடத்திலேயே இழுத்துவிட்டு, கையை என்ன செய்வதென்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மற்றவர்கள் முழுசாகக் கேட்டுவிட்டுத் தொடங்குவார்கள். இரண்டே சுற்றில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். பின்வரிசையில் இருந்து பார்த்தால், கைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்புவது தெரியும். கியூ பிந்துகிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

நான் சொல்வது: “மூச்சு உள்ளே, கை மேலே.” ஏழே அசை, வினையே இல்லை. இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும். அதையும் உள்மூச்சு தொடங்கிய பிறகு சொல்வதில்லை, முந்தைய வெளிமூச்சின் கடைசியில் சொல்லி முடிக்கிறேன். முதலில் மூச்சு, அடுத்து உறுப்பு, கடைசியில் திசை. மீதி இரண்டு மூன்று நொடி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த மௌனம்தான் மாணவர் மூச்சுவிடும் இடம்.

ஏவல் வினையே இல்லாத கியூவை ‘ஏவல்’ என்றால் கொஞ்சம் இடிக்கிறது, அவ்வளவுதான்.

வேலு எழுதியது:

நல்ல வேளையாக இந்தப் பேச்சு வந்தது. எனக்கு வகுப்பில் இதே தொல்லை. ஆசிரியர் “இழுங்கள், இழுங்கள்” என்று நீட்டிக்கொண்டே போகிறார். எனக்கு அவ்வளவு மூச்சு இல்லை, தலை கிறுகிறுக்கிறது. பழக்கமானால் சரியாகுமா? சொல் என்று பார்த்தால் பூரகம், கும்பகம், ரேசகம் என்று திருமூலர் காலத்திலேயே இருக்கிறதே. 16, 64, 32 என்று கணக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதையே வைத்துக்கொண்டால் வேகமும் சீராகிவிடாதா?

பரணி எழுதியது:

வேலு அண்ணா, முதலில் உங்கள் தலைச்சுற்றல். ஆசிரியரின் எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள். மூச்சு முடிந்தால் இடையில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அடுத்த அசைவில் சேர்ந்துகொள்ளலாம். கிறுகிறுப்பு வந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு, உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விடுங்கள். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தவறு உங்கள் மேல் இல்லை. ஓய்வாக இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை எடுப்பார்கள். அதில் 20 எடுப்பவரை ஒரே நாளில் 6-க்கு இறக்கப் பார்த்தால் உடம்பு முரண்டு பிடிக்கத்தான் செய்யும். “முடிந்தால் இடையில் ஒரு மூச்சு எடுங்கள்” என்று ஆசிரியர் சொல்லியிருக்க வேண்டும்.

பூரகம், ரேசகம் எல்லாம் மூச்சின் கட்டங்களுக்குப் பெயர். அந்தக் கட்டத்தை அறிவிக்கும் குரலுக்குப் பெயர் அல்ல. 16, 64, 32 கணக்கு அசையாமல் அமர்ந்து செய்யும் பிராணாயாமத்துக்கு உரியது. குனிந்து நிமிரும் வகுப்பில் 64 எண்ணும்வரை யாரையும் மூச்சடக்கச் சொல்ல முடியாது.

மூச்சு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. “மூச்சு விடுங்கள்” என்பதைக் கையேட்டில் கியூவாகப் போடாதீர்கள், செல்வி. மேலே வேலு அண்ணாவுக்குச் “சாதாரணமாக மூச்சு விடுங்கள்” என்று எழுதினேனே, அங்கே அதற்குச் சுவாசியுங்கள் என்றுதான் பொருள். வகுப்பில் குனியச் சொல்லிவிட்டு அதையே சொன்னால், பாதிப்பேர் வெளியே விடுவார்கள், பாதிப்பேர் ‘மூச்சைப் பிடிக்காதே’ என்று எடுத்துக்கொண்டு ஒரு முழு மூச்சு இழுத்து விடுவார்கள். “மூச்சு வெளியே” என்றால் குழப்பம் இல்லை.

நஸ்ரின் எழுதியது:

நான் ஏரோபிக்ஸ் எடுப்பவள், யோகா தெரியாது. ஆனால் பரணி சொல்வது எங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. எங்களுக்கு மூச்சுக்குப் பதிலாகப் பாட்டு. நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டு என்றால் ஒரு தட்டு அரை நொடி, எட்டுத் தட்டு 4 நொடி. இப்போதைய அசைவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, எட்டின் கடைசி நாலு தட்டில் அடுத்ததைச் சொல்லிவிட வேண்டும். “நாலு, மூணு, ரெண்டு, முட்டி!” ‘ஒண்ணு’ வர வேண்டிய இடத்தில் அசைவின் பெயர் உட்கார்ந்துகொள்ளும். ‘நான்கு, மூன்று, இரண்டு’ என்று எழுத்துத் தமிழில் எண்ணினால் ‘இரண்டு’ தட்டை மீறி வழிகிறது. ஆகவே கையேட்டிலும் பேச்சுத் தமிழ் எண்களையே போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முன்னாலேயே சொல்லிவிடுவதால் ‘முன்சொல்’ என்று வைக்கலாமே?

இன்னொரு தொல்லையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப் பயிற்சியில் மூச்சை வெளியே விடும்போதுதான் வயிறு உள்ளே போக வேண்டும். நான் “வயிறு உள்ளே” என்றதும் ‘உள்ளே’ மட்டும் காதில் விழுந்து, முன்வரிசையே மூச்சை இழுக்கிறது. இப்போது “வயிறு ஒட்டட்டும்” என்கிறேன். ‘உள்ளே’ என்ற சொல்லை மூச்சுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன்.

மாணிக்கம் எழுதியது:

வினையில்லாத ஏவல் என்று பரணி கேட்டது நல்ல கேள்வி. ‘கை மேலே’ என்பதில் வினை தொக்கி நிற்கிறது. சொல்லாவிட்டாலும் ஏவல் ஏவல்தான். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

‘முன்சொல்’ என்றால் ‘முன்னால் வந்த சொல்’ என்றும் பொருள்படுமே. அதோடு, “தோளை இறக்குங்கள்”, “முழங்காலைப் பூட்டாதீர்கள்” என்று நிலைக்குப் போன பிறகு சொல்வதும் கியூதானே? அது எப்படி முன்சொல் ஆகும்?

பரணி எழுதியது:

ஆகாதுதான். அதைத் ‘திருத்துசொல்’ என்று தனியாகப் பிரித்துவிடலாம். இரண்டுக்கும் இடம் வேறு. முன்சொல் மூச்சு மாறும் இடத்துக்குச் சற்று முன்னால் வரும். திருத்துசொல் ஐந்து மூச்சு நிற்கும் நிலையின் நடுவில், அந்த மௌனத்தில் வரும். ஒரு நிலைக்கு ஒரு திருத்தம் போதும். நாலைச் சேர்த்துச் சொன்னால் கடைசி ஒன்றுதான் நடக்கும்.

செல்வி கேட்ட கியூயிங்குக்கு வருகிறேன். சீரான வேகம் என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் ஆசிரியரால் மாணவரோடு சேர்ந்து மூச்சு விட முடியாது. பேச்சு என்பதே வெளிமூச்சில் நடப்பது. மாணவர்கள் இழுத்து முடிக்கும் தறுவாயில் நான் “மூச்சு வெளியே” என்று சொல்லியாக வேண்டும். அப்போது நானும் இழுத்துக்கொண்டிருந்தால் குரல் எங்கிருந்து வரும்? கூடவே செய்து காட்டினால் இன்னும் மோசம், எனக்கு இரைப்பு கூடக் கூட வகுப்பின் வேகமும் கூடும். அதனால் என் மூச்சை அளவுகோலாக வைப்பதை விட்டுவிட்டு, தொடையில் விரலால் நொடிக்கு ஒன்று தட்டிக்கொள்கிறேன். உள்ளே 4, வெளியே 4.

சோதிக்க விரும்புபவர்கள் தங்கள் வகுப்பை ஒலிப்பதிவு செய்து, வீரபத்ராசனத்தில் வலப்பக்கம் நின்ற நேரத்தையும் இடப்பக்கம் நின்ற நேரத்தையும் அளந்து பாருங்கள். வலப்பக்கத்தில் விளக்கமெல்லாம் சொல்லியிருப்போம். இடப்பக்கத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது, ஐந்து மூச்சு என்று சொல்லிவிட்டு மூன்றில் இறக்கிவிடுவோம். நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

செல்வி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. என் முடிவு இப்படி: பொதுவாகக் கியூ என்பதற்கு ‘ஏவுசொல்’. மாணிக்கம் ஐயாவின் ஏவலும் இருக்கிறது, சூனிய வாடையும் இல்லை. அதற்குள் அடுத்த அசைவை அறிவிப்பது ‘முன்சொல்’, நிலையைச் சரிசெய்வது ‘திருத்துசொல்’. மாதிரி வகுப்புப் பகுதியை முழுவதும் வினையில்லாத சிறு தொடர்களாக மாற்றி எழுதுகிறேன். ‘உள்ளே’, ‘வெளியே’ இரண்டும் மூச்சுக்கு மட்டுமே வரும்.

கியூயிங்குக்குத்தான் ஒன்றும் சிக்கவில்லை. ‘சொல்லி நடத்துதல்’ என்று நீட்டி எழுதினால் பொருள் வருகிறது, அட்டவணைத் தலைப்பில் அடங்கவில்லை.

நஸ்ரின் எழுதியது:

என் வகுப்பில் எல்லாரும் ‘கவுண்ட் கொடுக்கிறது’ என்கிறார்கள். ‘எண் கொடுத்தல்’ என்றால் போதாதா?

பரணி எழுதியது:

எங்களுக்குப் போதாது. யோகாவில் பல ஆசிரியர்கள் எண்ணுவதே இல்லை.

நஸ்ரின் எழுதியது:

அதுவும் சரிதான். அப்புறம் செல்வி, பாட்டுச் சத்தத்தில் குரல் எடுபடாத கூடத்தில் நாங்கள் கையை உயர்த்தி நாலு விரல், மூணு விரல் காட்டுவோம். கையேட்டில் அதையும் கியூ என்றுதான் போட்டிருப்பார்கள். வாயே திறக்காத அதற்கு ‘ஏவுசொல்’ பொருந்தாது. ‘கைக்குறி’ என்று போட்டால் நீங்கள் பயந்த குறி திரும்ப வந்துவிடுகிறது. ‘சைகை’ போதுமா, பாருங்கள்.