லண்டனில் அழிக்கப்பட்ட 40 பெட்டிக் கத்திரிக்காய்

ஒட்டன்சத்திரத்துக்காரன்:
சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு சென்னையிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் 120 பெட்டி அனுப்பினேன். பெட்டிக்கு 5 கிலோ. முருங்கை, சுரைக்காய், கோவைக்காய் சேர்ந்து 80, கத்திரிக்காய் 40. சரக்கில் பூச்சியோ நோயோ இல்லை என்று அரசாங்கம் தரும் பைட்டோ சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஏற்றுமதிக்குச் சற்று முன் பரிசோதித்தபோது கத்திரிக்காயில் ‘திரிப்ஸ் பால்மி’ இலைப்பேன் இல்லை என்ற கூடுதல் உறுதிமொழியும் அதில் இருந்தது.

சனிக்கிழமை வாங்குபவர் அழைத்தார். கத்திரிக்காயில் உயிருள்ள இலைப்பேன் அகப்பட்டதாம். ஆய்வகம் அதன் பெயரைச் சொல்லும்வரை 120 பெட்டியையும் நிறுத்திவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை கத்திரிக்காயை அழிக்கச் சொல்லி, மீதியை விடுவித்தார்கள். அதற்குள் கோவைக்காய் உள்ளே சிவந்துவிட்டது. அழிக்கும் செலவும் என் தலையில். அரசாங்கமே பார்த்துச் சான்று கொடுத்த சரக்கு இது. எங்கே தவறியது?

கீரைக்கட்டு:
அக்மார்க் சான்றிதழும் சேர்த்து வைத்திருந்தால் அங்கே பெட்டியைத் திறந்தே இருக்க மாட்டார்கள். என் மைத்துனர் ஐரோப்பாவுக்குத் திராட்சை அனுப்புகிறார், அதை வைத்துத்தான் போகிறது.

பழைய பரிசோதகர்:
அது தரச் சான்று அம்மா. பழத்தின் அளவு, நிறம், பழுத்த பக்குவம் சரியா என்று சொல்லும். பூச்சியைப் பற்றி வாய் திறக்காது. உங்கள் மைத்துனர் பைட்டோவும் தனியாக வாங்கியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

ஒட்டன்சத்திரத்துக்காரருக்கு: பரிசோதகர் எல்லாப் பெட்டியையும் பிரிப்பதில்லை, மாதிரிதான் எடுக்கிறார். கத்திரிக்காயில் இலைப்பேன் ஒளியும் இடம் காம்புக்குக் கீழே உள்ள பச்சைத் தொப்பி. அதன் விளிம்பு காயோடு ஒட்டியிருப்பதால் மேலே எவ்வளவு துடைத்தாலும் அது வெளியே வராது. ஒரு மில்லிமீட்டர் நீளம், வெளிர் மஞ்சள் நிறம். தொப்பியை நகத்தால் தூக்கி, வெள்ளைத் தாளின் மேல் நான்கு தட்டுத் தட்டுங்கள். தூசி அப்படியே கிடக்கும், இது நகரும். பத்து மடங்கு காட்டும் லென்ஸ் போதும். தொப்பியை ஒட்டி வெள்ளி பூசியதுபோல் வடு இருந்தால் அந்தத் தோட்டத்துக் காயை எடுக்காதீர்கள். காற்றுக் குழாயால் ஊதினால் ஓடும் பூச்சி போகும். சதைக்குள் வைத்த முட்டை போகாது, வழியில் பொரியும். அதனால் பிடிக்க வேண்டிய இடம் தோட்டம்.

2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தோடு கத்திரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் தடை செய்தது. மாம்பழத்துக்கு 2015இல் வழி திறந்தது. காய்கள் அதன் பிறகும் காத்திருந்தன. அன்று இப்படிப் பூச்சி அகப்பட்டதாக வந்த தனித்தனி நோட்டீஸ்கள் சேர்ந்துதான் தடையாயிற்று.

பொள்ளாச்சிக்காரன்:
எனக்கும் இதே கதைதான். 2018இல் கேரளாவில் நிபா வந்தபோது துபாய்க்குப் போன என் முருங்கைக்காயை நிறுத்திவிட்டார்கள். கொச்சியிலிருந்து பறந்ததால் கேரளச் சரக்கு என்று நினைத்துவிட்டார்கள். பொள்ளாச்சியில் பறித்தது என்று நிரூபிப்பதற்குள் பாதி வாடிப்போயிற்று. அதற்கு இழப்பீடு கேட்கலாமா?

பழைய பரிசோதகர்:
அது பூச்சி விஷயமே இல்லையே, விளைந்த இடம் பற்றிய தடை. வேறு வழக்கு.

ஒட்டன்சத்திரத்துக்காரன்:
ஐயா சொன்னபடி நேற்று அதே விவசாயியின் காய் இருபதைத் தட்டிப் பார்த்தேன். மூன்றில் நகர்ந்தது. அவரிடம் பணம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நஷ்டத்தை நானே சுமக்கவும் முடியாது. இன்சூரன்ஸ் கேட்டால், அதிகாரி நிராகரிப்பதும் தாமதத்தில் கெடுவதும் சாதாரண பாலிசியில் வராது என்று கைவிரித்துவிட்டார்கள்.

சரக்கு முகவர்:
இரண்டு காரியம் செய்யுங்கள். இனிமேல் கத்திரிக்காய்க்குத் தனி பைட்டோ, தனி ஏர்வே பில் எடுங்கள். ஒன்று நின்றால் மற்றதும் நிற்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். கூடுதல் கட்டணம் இந்த நஷ்டத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. அடுத்தது, இப்போதே வாங்குபவரிடம் அதிகாரிகளின் நோட்டீஸ் நகலும் அழிப்புச் சான்றும் கேளுங்கள். பூச்சியின் பெயர், பைட்டோ எண், எத்தனை பெட்டி என்பதெல்லாம் அவற்றில் இருக்க வேண்டும். ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் கொடுத்த ஷிப்பிங் பில்லுக்குப் பணம் வரவில்லை என்று நாளை வங்கி துரத்தும். அந்த நாட்டு அதிகாரிகளே அழித்தார்கள் என்ற தாள் இருந்தால் வங்கி அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்ய வழி உண்டு. அந்தச் சரக்குக்கு ஏற்றுமதி ஊக்கத்தொகை வாங்கியிருந்தால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கலாம்.

கீரைக்கட்டு:
கோவைக்காய் சிவந்ததற்கும் வாங்குபவர் பிடித்துக்கொண்டாரா?

ஒட்டன்சத்திரத்துக்காரன்:
பாதி விலைதான் தருவேன் என்கிறார். நான்கு நாள் நிறுத்தியது அதிகாரி, நான் அல்ல என்கிறேன் நான். உன் கத்திரிக்காயால்தானே நிறுத்தினார்கள் என்கிறார் அவர். பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது.

சரக்கு முகவர்:
அழிப்புச் சான்று வந்ததா?

ஒட்டன்சத்திரத்துக்காரன்:
இன்னும் இல்லை. குப்பைத் தொட்டிக்குள் பெட்டிகள் கிடக்கும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது.