வருஷப் பேரு டேபிள்ல 1983க்கு கல்வெட்டு ஒன்னு சொல்லுது, எக்செல் ஒன்னு சொல்லுது, எது தப்புங்க?

கோபி_பக்கம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க குலதெய்வம் கோயிலுக்கு அடுத்த மாசம் கும்பாபிஷேகம், அதுக்கு ஒரு மலர் போடறோம், அதுல கடைசிப் பக்கத்துல கோயில்ல எந்தெந்த வருஷம் என்னென்ன வேலை நடந்துச்சுன்னு ஒரு டேபிள் வேணும்னு பெரியவங்க சொன்னாங்க. மொத்தம் 23 வரி. இங்கிலீஷ் வருஷம், தமிழ் வருஷப் பேரு, திருவள்ளுவர் ஆண்டு, மூனு காலம். நான் எக்செல்ல அறுபது பேரையும் H காலத்துல வரிசையா அடிச்சு வச்சுட்டு இதைப் போட்டேன்.

```
=INDEX($H$1:$H$60,MOD(A2-7,60)+1)
```

1936க்கு தாது, 1959க்கு விகாரி, 2009க்கு விரோதி, இதெல்லாம் கல்வெட்டோட கரெக்டா ஒத்துப்போகுதுங்க. ஆனா 1983க்கு ருத்ரோத்காரின்னு வருது, கோயில் வாசல் கல்லுல “துந்துபி வருஷம் தை 20”ன்னு வெட்டிருக்கு. 1997க்கும் இதே கதைதான், ஃபார்முலா ஈஸ்வரங்குது, கல்லு தாதுங்குது. பிரஸ்காரர் நாளைக்கு ப்ரூஃப் கேக்கறாரு. கல்லு வெட்டுனவர் தப்பா வெட்டிட்டாரா, நான் தப்பா?

சத்தி_ரோடு

ஏனுங்க இதுக்குப் போயி இவ்வளவு ரோசனை. தமிழ் வருஷம்னா 31 கூட்டோணும், அவ்வளவுதான். 1983+31=2014. முடிஞ்சுது.

கோபி_பக்கம்

அது திருவள்ளுவர் ஆண்டுங்க, அந்தக் காலத்துல பிரச்சனை இல்ல. நான் கேட்டது பேரு.

பவானி_பாட்டி_பேரன்

இடையில ஒன்னு கேட்டுக்கறேன், எங்க பாட்டி தாது வருஷம் பொறந்தேன்னு சொல்லும், ஆனா தாது வருஷப் பஞ்சம் 1876ல வந்ததுங்கறாங்களே, அப்ப பாட்டிக்கு இப்ப 150 வயசா ஆவும்? பென்ஷன் ஃபாரத்துல பொறந்த வருஷம் எழுதோணும்.

காங்கேயம்_மேடு

பேரன் தம்பிக்கு மொதல்ல, 60 வருஷத்துக்கு ஒருக்கா அதே பேரு திரும்ப வரும். பஞ்சம் 1876 தாது, அடுத்த தாது 1936, அதுக்கடுத்தது 1996. பாட்டி 1936, இல்லாட்டி 1937 சித்திரைக்கு முன்னால.

இப்ப கோபிக்காரருக்கு. கல்லு சரிதானுங்க. வருஷப் பேரு மாறறது சித்திரை ஒன்னாந்தேதி, ஜனவரி ஒன்னாந்தேதி இல்ல. துந்துபி 1982 ஏப்ரல்ல பொறந்து 1983 ஏப்ரல் வரைக்கும் இருந்துச்சு. தை 20ன்னா பிப்ரவரி மொதல் வாரம், அப்ப கல்லுல துந்துபின்னு வெட்டறதுதான் மொறை. உங்க ஃபார்முலா 1983ன்னு கேட்டா அந்த வருஷம் ஏப்ரல்ல பொறக்கற பேரத்தான் குடுக்கும். 1936, 1959, 2009 ஒத்துப்போனதுக்குக் காரணம் அந்த வேலையெல்லாம் ஏப்ரலுக்கு அப்பறம் நடந்துருக்கும், பாருங்க.

கோபி_பக்கம்

ஆமாங்க! 1936 ஆனி, 1959 வைகாசி, 2009 ஆவணி. 1997 மாசி.

திருப்பூர்_ஐடி

அப்ப சிம்பிள், மாசம் 4க்கு கம்மியா இருந்தா ஒரு வருஷம் கழிங்க. இன்னொன்னு, நான் ஒருக்கா ஜாவாஸ்கிரிப்ட்ல 1987ஐ பேஸா வச்சு எழுதுனேன், அதுக்கு முந்தின வருஷமெல்லாம் மைனஸ்ல போயி வெறும் காலியா வந்துச்சு. 1876 − 1987 = −111, எக்செல் MOD அதுக்கு 9னு குடுக்கும், ஜாவாஸ்கிரிப்ட் % குறி −51ன்னு குடுக்கும். உங்க மாதிரி 7ஐக் கழிச்சா அந்த வம்பே இல்ல, நல்லாருக்கு.

காங்கேயம்_மேடு

மாசம் 4க்கு கம்மின்னா ஏப்ரல் 1ல இருந்து 13 வரைக்கும் தப்பாகும் தம்பி, பங்குனி உத்தரமே சில வருஷம் ஏப்ரல்ல வந்துரும், நம்ம பக்கம் காவடி, தேரு எல்லாம் அப்பத்தான். மாசத்துக்கு B, தேதிக்கு C காலம்னு வச்சுக்கிட்டு இதைப் போடுங்க.

```
=INDEX($H$1:$H$60,MOD(A2-(B2*100+C2<414)-7,60)+1)
```

பிப்ரவரி 3ன்னா 203, 414க்கு கம்மி, அதனால 1983ல ஒன்னு கழிஞ்சு 1982 ஆகும், 1982 − 7 = 1975, அதை 60ஆல வகுத்தா மீதி 55, ஒன்னு கூட்டுனா 56, உங்க லிஸ்ட்ல 56வது பேரு துந்துபியா இருக்கோணும். இல்லீன்னா லிஸ்ட்ல எங்கியோ ஒரு பேரு விட்டுப்போயிருச்சுன்னு அர்த்தம். பிரமாதி, பிரமாதீச ரெண்டும் வேற வேற, குரோதி, குரோதன வேற வேற, பிலவ, பிலவங்க வேற வேற. ஒரே பேரு ரெண்டுதரம் வந்துருச்சுன்னு நெனச்சு அழிச்சுப்போடுவாங்க, அதுக்கப்பறம் கீழ இருக்கற அத்தனையும் ஒரு படி நகந்துரும். 60வது அட்சய, 2025க்கு விசுவாவசு, இந்த ரெண்டும் சரியா நிக்குதான்னு பாத்துக்கோங்க.

தேதிய எக்செல் தேதியா மட்டும் அடிச்சுப்போடாதீங்க, 1900க்கு முந்தின தேதி அதுக்குத் தெரியாது, வெறும் எழுத்தா எடுத்துக்கும். மூனு காலமா பிரிச்சு வச்சா வம்பில்ல.

கோபி_பக்கம்

துந்துபி வந்துருச்சுங்க, தாதுவும் வந்துருச்சு! ஆனா இப்ப ஒரு புதுக் கூத்து. 1954ல மண்டபம் கட்டுனாங்கன்னு மட்டும்தான் நோட்டுல இருக்கு, மாசம் கெடையாது. மொதல்ல ஜயன்னு வந்துட்டு இருந்துச்சு, இப்ப தானா விஜய ஆயிருச்சு. எர்ரர் எதும் காட்டுல.

காங்கேயம்_மேடு

அது என் தப்புங்க, சொல்லாம விட்டுட்டேன். B காலியா இருந்தா எக்செல் அதை 0ன்னு எடுத்துக்கும், 0 எப்பவுமே 414க்கு கம்மி, சத்தமில்லாம ஒரு வருஷம் பின்னால போயிரும். மாசம் தெரியாத வரிய மட்டும் தனியா மஞ்சக் கலர் அடிச்சுட்டு கையில “விஜய – ஜய”ன்னு ரெண்டு பேரும் போடுங்க, அதுதான் நாயம்.

திருவள்ளுவர் ஆண்டு காலத்தையும் ஒருக்கா பாருங்க. அது மாறறது தை ஒன்னுல. அதனால 1983 பிப்ரவரிக்கு 2014, துந்துபி. 1982 ஆவணியில ஒரு வேலை நடந்துருந்தா அதுக்கு 2013, ஆனா அதுவும் துந்துபிதான். படிக்கறவங்க ஒரே பேருக்கு ரெண்டு எண் இருக்கேன்னு ஃபோன் போடுவாங்க, தப்பில்ல. டேபிளுக்கு அடியில ஒரு வரி குறிப்பு போட்டுருங்க.

சத்தி_ரோடு

அதான் நான் 31ன்னு சொன்னேன்ல.

திருப்பூர்_ஐடி

ஜனவரி 5ன்னா 30 அண்ணா.

கோபி_பக்கம்

ஹஹ. இன்னொரு வரி இருக்குதுங்க. “1877 – தாது வருஷப் பஞ்சத்துல கோயில் கிணறு வெட்டுனது”ன்னு எங்க அப்பாரு எழுதி வச்சுருக்காரு. மாசம் போடாம விட்டா தாதுன்னே வருது.

காங்கேயம்_மேடு

அது 0 கணக்குல தற்செயலா வந்தது, அதை நம்பாதீங்க. 1877 ஏப்ரலுக்கு மேல ஈஸ்வர. பஞ்சம் 1878 வரைக்கும் இழுத்துச்சு, ஆனா சனங்க மொத்தத்தையும் தாது வருஷப் பஞ்சம்னுதான் சொல்றாங்க, அதனால உங்க அப்பாரு சொன்ன தாது பஞ்சத்தோட பேரா, கிணறு வெட்டுன வருஷமான்னு கல்லு இல்லாம சொல்ல முடியாது. கெணத்து மேட்டுல ஏதும் வெட்டிருக்கான்னு பாருங்க. அந்தக் காலத்துல சித்திரை ஒன்னு ஏப்ரல் 11, 12லயே வந்துரும், அதனால ஏப்ரல் தேதி ஏதாச்சும் கெடச்சா 414ஐ நம்பாம பழைய பஞ்சாங்கம் பாக்கோணும்.

கோபி_பக்கம்

கல்லு பாசி புடிச்சுக் கெடக்குதுங்க, நாளைக்குக் காத்தால தேங்கா நாரு போட்டுத் தேச்சுப் பாக்கறேன். 1954க்கு ரெண்டு பேரு போடறதுக்கு எங்க பெரியப்பா ஒத்துக்கவே மாட்டீங்கறாரு, “ஒரு மண்டபத்த ரெண்டு வருஷமாடா கட்டுனோம்”ங்கறாரு. கட்டிருக்கலாமுல்லன்னு கேட்டேன், எந்திரிச்சுப் போயிட்டாரு.